வெயில் காலத்தில் கண்டெய்னர் இறக்குவது: கிடங்குப் பொறுப்பாளருக்கும் லாரி ஓட்டுநருக்கும் முழுமையான வழிகாட்டி

இந்த வழிகாட்டி ஒரே ஒரு வேலையைப் பற்றியது. தகரக் கூரைக் கிடங்கின் வாசலில் வந்து நிற்கும் நாற்பதடி கண்டெய்னரிலிருந்து அட்டைப்பெட்டிகளைக் கையால் இறக்குவது. இடம் சென்னைக்குத் தென்மேற்கே ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம். காலம் ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் முடிய. நான் பார்த்தவரை, கிடங்கில் வெயிலுக்கு ஆள் சாய்வது பெரும்பாலும் இந்த இரும்புப் பெட்டிக்குள்தான்.

புதிதாக ஷிப்ட் பொறுப்புக்கு வருபவர்கள் முதல் வேலையாகத் தண்ணீர் கேனும் மின்விசிறியும் வாங்குகிறார்கள். இரண்டும் தேவைதான். ஆனால் இந்த வரிசையில் விசிறி நான்காவது, தண்ணீர் ஆறாவது. அவற்றுக்கு முன்னால் இருப்பதைத் தாண்டிவிட்டு வந்தால், குளிர்ந்த தண்ணீருக்குப் பக்கத்திலேயே ஆள் விழுவார். அப்படி ஒருமுறை என் கண் முன்னால் நடந்திருக்கிறது.

## 1. முன்கூட்டியே கையில் இருக்க வேண்டியவை

ஈரத்துணி சுற்றிய வெப்பமானியின் அளவான ஈரக்குமிழ், அனலை வாங்கும் கறுப்பு உருண்டையின் அளவான கருங்கோளம் இரண்டையும் சேர்த்துக் காட்டும் கைக்கருவி ஒன்று. ஆளுயரப் பெடஸ்டல் விசிறிகள் இரண்டு. வாசலிலிருந்து முப்பது அடிக்குள் நிழலில் இரண்டு பெஞ்சுகள். பெரிய கடிகாரம் அல்லது மணி அடிக்கும் டைமர். கிழியாத தார்ப்பாய் ஒன்று. ஐஸ் வைக்க ஒரு பெட்டி.

தார்ப்பாய் எதற்கென்று கடைசிப் பகுதியில் வருகிறது. லாரியில்தான் இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். லாரியின் தார்ப்பாய் தேவைப்படும் நேரத்தில் கட்டுக்குள் இருக்கும்.

## 2. அளக்காமல் தொடங்காதீர்கள்

சுவரில் தொங்கும் வெப்பமானி இந்த ஊரில் ஏமாற்றும். காலை பதினோரு மணிக்கு 38 டிகிரி, ஈரப்பதம் 40 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். பிற்பகலில் கடற்காற்று வந்ததும் வெப்பம் 36 டிகிரிக்கு இறங்குகிறது, ஈரப்பதம் 60 சதவீதத்துக்கு ஏறுகிறது. மேஸ்திரி "வெயில் தணிந்துவிட்டது, வேகமாக முடித்துவிடலாம்" என்பார். ஈரக்குமிழ் வேறு கதை சொல்லும். அது 27 டிகிரியிலிருந்து 29 டிகிரிக்குப் போயிருக்கும்.

உடம்பு குளிர்வது வியர்வை சிந்துவதால் அல்ல, சிந்திய வியர்வை ஆவியாவதால். காற்றில் ஈரம் கூடினால் வியர்வை ஆவியாகாமல் ஒழுகிக்கொண்டே இருக்கும். தண்ணீர் மட்டும் வெளியேறும், சூடு உள்ளேயே தங்கும்.

ஆகவே ஈரத்தையும் அனலையும் சேர்த்துக் கருவி WBGT என்று காட்டும் எண்ணை மட்டும் பாருங்கள். கூரைக்கு உள்ளே அதன் கணக்கு எளிது: ஈரக்குமிழ் அளவில் 0.7 பங்கு, கருங்கோள அளவில் 0.3 பங்கு. ஈரக்குமிழ் 26, கருங்கோளம் 36 என்றால் 18.2 உடன் 10.8 சேர்ந்து 29. தகரமும் கண்டெய்னர் சுவரும் வீசும் அனலைக் கருங்கோளம் பிடித்துவிடுகிறது. சாதாரண வெப்பமானிக்கு அந்த அனல் சரியாகத் தெரியாது.

அளக்கும் இடம் அலுவலக அறை அல்ல, கண்டெய்னரின் உள்ளே, நெஞ்சு உயரத்தில். எண் நிலைக்கக் கால் மணி நேரமாவது விடுங்கள். கருவியைக் கையில் பிடித்தபடி இரண்டு நிமிடத்தில் எழுதிக்கொண்டு போவதுதான் நான் அதிகம் பார்த்த பிழை. மணிக்கு ஒருமுறை திரும்ப அளக்க வேண்டும்.

## 3. புது ஆளையும் ஊரிலிருந்து திரும்பியவரையும் பிரித்துவிடுங்கள்

அளந்து முடித்ததும் விசிறியைத் தொடாதீர்கள். முதலில் ஆட்களைப் பாருங்கள்.

உடம்பு வெயிலுக்குப் பழக ஒன்றிரண்டு வாரம் ஆகும். பழகிய உடம்பு சீக்கிரமே வியர்க்கும், வியர்வையில் உப்பைக் குறைவாக விடும், இதயத் துடிப்பும் கட்டுக்குள் இருக்கும். ஒரு வாரம் வேலையை விட்டு விலகி இருந்தாலே இந்தப் பழக்கம் குறையத் தொடங்குகிறது. வெயிலால் நேரும் தொழிலாளர் மரணங்களில் ஏறக்குறைய பாதி வேலைக்கு வந்த முதல் நாளிலேயே நடக்கிறது என்பது அமெரிக்கத் தொழில் பாதுகாப்புத் துறையின் கணக்கு. முதல் வாரத்தில் மட்டும் எழுபது சதவீதத்துக்கு மேல்.

அங்கே பின்பற்றும் முறையையே நாங்களும் எடுத்துக்கொண்டோம். புது ஆள் முதல் நாள் முழு வேலையில் ஐந்தில் ஒரு பங்கு மட்டும் வெப்பத்தில் செய்கிறார். பிறகு நாளுக்கு ஒரு பங்கு கூடுகிறது. பழைய ஆள் ஒரு வாரம், பத்து நாள் ஊருக்குப் போய்த் திரும்பினால் முதல் நாள் பாதி, அடுத்த நாள் 60 சதவீதம், பிறகு 80, நான்காம் நாள் முழுவதும். மீதி நேரத்தில் ஸ்டிக்கர் ஒட்டலாம், சரக்கு எண்ணலாம்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வரும் இளைஞர்கள் இரண்டு இரவு ரயிலில் நின்றும் உட்கார்ந்தும் வந்து மறுநாள் காலையே வாசலில் நிற்பார்கள். ஆள் வாட்டசாட்டமாக இருப்பதால் நேராகக் கண்டெய்னருக்குள் அனுப்பிவிடுவோம். தூக்கமில்லாத உடம்புக்கு வெயிலைத் தாங்கும் திறன் குறைவு. ரயிலில் வந்த நாள் வேலை நாள் அல்ல என்று எழுதியே வைத்துவிடுங்கள்.

இரத்த அழுத்தத்துக்கு நீர் பிரிக்கும் மாத்திரை சாப்பிடுபவர், முந்தைய இரவு குடித்தவர், வயிற்றுப்போக்கு இருப்பவர் ஆகியோரையும் அன்று உள்ளே அனுப்ப வேண்டாம். வரிசையில் நிறுத்திக் கேட்டால் யாரும் சொல்லமாட்டார்கள். தனியாக, தேநீர் நேரத்தில் கேளுங்கள்.

## 4. கதவைத் திறந்ததும் ஆளை ஏற்றாதீர்கள்

இறக்குமதிக் கண்டெய்னர் என்றால் முதலில் பார்க்க வேண்டியது புகையூட்டச் சான்று. பூச்சிக்காக மெத்தில் புரோமைடு, பாஸ்பீன் போன்ற வாயு செலுத்தப்பட்டிருக்கலாம். அதன் நஞ்சும் தலைவலி, குமட்டல், தலைசுற்றல் என்றுதான் தொடங்கும், வெயில் சோர்வைப் போலவே. நாலைந்து பேருக்கு ஒரே நேரத்தில் தலை வலித்தால் வெயில் என்று முடிவு கட்டாதீர்கள். எல்லோரையும் வெளியே இழுத்துவிட்டு, வாயுவையும் பக்கத்தில் ஓடும் டீசல் ஃபோர்க்லிஃப்ட்டின் புகையையும் சந்தேகியுங்கள்.

சான்று சரியாக இருந்தாலும் இரு கதவுகளையும் முழுவதுமாகத் திறந்து அரை மணி நேரம் விடுங்கள். காலையிலிருந்து வெயிலில் காய்ந்த பெட்டிக்குள் வெளியைவிடக் காற்று நன்றாகவே சூடாக இருக்கும்.

விசிறி வைப்பதில் பலர் தடுமாறுகிறார்கள். கண்டெய்னருக்கு ஒரே வாய். நடுவில் ஒரு விசிறியை வைத்து உள்ளே ஊதினால் காற்று பெட்டிகளில் மோதி அங்கேயே சுழலும். ஒரு பக்கச் சுவரை ஒட்டி உள்நோக்கி வையுங்கள். காற்று அந்தச் சுவரோடு போய் மறுசுவரோடு திரும்பும். இறக்கிக்கொண்டே போகும்போது விசிறியையும் பத்தடிக்கு ஒருமுறை உள்ளே நகர்த்த வேண்டும். வாசலில் ஓடும் விசிறி கடைசி இருபதடியில் நிற்பவருக்கு வெறும் ஓசைதான்.

கிடங்குக்கு வருவோம். சூடான காற்று மேலே போகும். அது வெளியேறக் கூரையில் வழியும், புதுக்காற்று நுழையக் கீழே வழியும் வேண்டும். எங்கள் கூரையில் சுழலும் காற்றுப்போக்கிகள் பதினாறு இருக்கின்றன. பொறுப்பேற்ற ஆண்டில் ஏறிப் பார்த்தால் ஐந்து துருப்பிடித்து நின்றிருந்தன. கீழ்ச்சுவரின் காற்றுத் துளைகளை மறைத்துப் பாலட் அடுக்கியிருந்தார்கள். புது எக்ஸாஸ்ட் விசிறி கேட்டு எழுதுவதற்கு முன், இருப்பது திறந்திருக்கிறதா என்று பாருங்கள். சுவரிலிருந்து மூன்றடிக்கு மஞ்சள் கோடு போட்டதிலேயே மாற்றம் தெரிந்தது.

காற்று 40 டிகிரியைத் தாண்டினால் உலர்ந்த ஆள்மீது விசிறி அனலைத்தான் அடிக்கும். அப்போது சட்டையை நனைத்துக்கொண்டு உட்கார்ந்தால் மட்டுமே அது உதவும்.

## 5. ஓய்வைக் கடிகாரம் சொல்லட்டும்

களைத்தவர் தானாக உட்காருவார் என்று நம்புவது இந்த வேலையின் பெரிய பிழை. கண்டெய்னருக்கு இவ்வளவு என்று கூலி பேசியிருக்கும்போது உட்காருபவரை மற்ற ஐந்து பேரும் முறைப்பார்கள்.

எங்கள் கணக்கைச் சொல்கிறேன். நாற்பதடி கண்டெய்னர், 18 கிலோ பெட்டிகள் 1,100, ஆறு பேர். பழைய முறையில் ஆறு பேரும் ஒன்றாக இறங்குவார்கள். காகிதத்தில் இரண்டரை மணி நேர வேலை. முதல் மணி நேரம் பறக்கும். அதன் பிறகு ஒருவர் முகம் கழுவப் போவார், ஒருவர் பீடிக்குப் போவார், பெட்டி கைநழுவும். மூன்றே கால் மணி நேரத்துக்குக் குறைந்து முடிந்ததே இல்லை.

புது முறையில் ஆறு பேர் மூன்று ஜோடி. ஒரு ஜோடி உள்ளே இறக்குகிறது. இரண்டாவது ஜோடி வாசல் நிழலில் பாலட்டில் அடுக்குகிறது. மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் குடிக்கிறது. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை மணி அடித்ததும் ஒரு இடம் நகர்கிறார்கள். யாரும் இருபது நிமிடத்துக்கு மேல் பெட்டிக்குள் இருப்பதில்லை. முடிய மூன்று மணி நாற்பது நிமிடம் ஆகிறது. இழப்பு இருபத்தைந்து நிமிடம். சேதப் பெட்டிகள் குறைந்ததை அதில் கழித்துக்கொள்ளுங்கள்.

இருபது நிமிட முறை WBGT எண் 27.5 வரைக்கும்தான். 27.5 முதல் 29 வரை பதினைந்து நிமிடம் உள்ளே, பதினைந்து நிமிடம் பாலட், அரை மணி நேரம் பெஞ்ச். இதற்கு எட்டுப் பேர் வேண்டும். ஆள் இல்லையென்றால் வேகம் குறையட்டும். ஏசிஜிஐஎச் என்ற அமெரிக்கத் தொழில் சுகாதார அமைப்பின் வரம்புகளை அடியாக வைத்தே இதைப் போட்டோம். கனமான வேலைக்கு 29 டிகிரியில் மணிக்கு அரை மணி நேரத்துக்கு மேல் கூடாது என்பது அவர்கள் கணக்கு. 30.5 வரை கால் மணி நேரம் அனுமதிக்கிறார்கள். என் அனுபவத்தில் அந்தக் கால் மணி நேர வேலையால் லாரியும் நகராது, ஆளும் தேறமாட்டார். 29 தாண்டினால் கதவைச் சாத்திவிட்டு மாலை வரை வேறு வேலை கொடுக்கிறோம். இந்த வரம்புகள் பழகிய உடம்புக்கு மட்டுமே.

இந்த முறையை அறிவித்த அன்று மேஸ்திரி கேட்டார், "சார், உட்கார்ந்திருக்கிற நேரத்துக்குக் காசு யார் கொடுப்பது?" நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லாத எந்த அட்டவணையும் மூன்றாம் நாளே சுவரில் மட்டும் இருக்கும். ஏப்ரல் முதல் ஜூன் வரை கண்டெய்னர் கணக்கை நிறுத்தி ஷிப்ட் கூலியாக மாற்றினோம். சீக்கிரம் முடித்தால் தேநீர்க் காசு என்ற வழக்கத்தையும் எடுத்துவிட்டோம். அன்றிலிருந்துதான் மணி அடித்தால் எழுந்தார்கள்.

நேரத்தையும் மாற்றலாம். காலை ஆறரைக்கு முதல் கண்டெய்னர் என்றால் பத்தேகாலுக்குள் முடிகிறது. அதற்கு லாரி முந்தைய இரவே வந்து நிற்க வேண்டும். போக்குவரத்துப் பிரிவிடம் மார்ச் மாதமே பேசினால்தான் நடக்கும்.

## 6. தண்ணீர்: எவ்வளவு, எங்கே

இருபது நிமிடத்துக்கு ஒரு டம்ளர், அதாவது ஏறக்குறைய 240 மில்லி. பெஞ்சில் உட்காரும் இருபது நிமிடத்தில் மொத்தமாக மூன்று டம்ளர் என்று விடாதீர்கள். இடம் மாறும் ஒவ்வொரு முறையும் ஒரு டம்ளர். சிறிது சிறிதாகப் போனால்தான் வயிறு தாங்கும்.

இந்த அளவில் ஆறு பேருக்கு எட்டு மணி நேரத்துக்கு முப்பத்தைந்து லிட்டர் ஆகிறது. இருபது லிட்டர் கேன் இரண்டு. பெரும்பாலான கிடங்குகளில் ஒரு கேன் வைத்துவிட்டு, மூன்று மணிக்குக் காலியானதைக் கவனிக்கமாட்டார்கள்.

மேல்வரம்பும் உண்டு. மணிக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் போகக் கூடாது. வெறும் தண்ணீரை அளவு மீறிக் குடித்தால் இரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய் அதுவே ஆபத்தாகும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் வியர்த்தால் உப்புப் போட்ட நீர்மோர் நல்லது. தசை பிடித்தால் உப்புச்சர்க்கரைக் கரைசல் பொட்டலம் கொடுக்கலாம், ஆனால் ஒரு லிட்டர் பொட்டலத்தை முழு ஒரு லிட்டரில்தான் கரைக்க வேண்டும். பாட்டில் சின்னது என்று அரை லிட்டரில் கரைத்துக் குடித்துவிட்டு வாந்தியெடுத்தவரை நான் பார்த்திருக்கிறேன்.

தண்ணீர் இருந்தும் குடிக்காததற்குக் காரணம் பெரும்பாலும் கழிப்பறை. அது தொலைவில் இருந்தால், அல்லது பூட்டியிருந்தால், ஆட்கள் காலையிலிருந்தே குடிப்பதைக் குறைத்துக்கொள்வார்கள். பெண் தொழிலாளர்கள் இதை வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். சிறுநீர் கடுந்தேநீர் நிறத்தில் போகிறதா என்று கேட்பதற்கு முன், கழிப்பறைக்கு நடந்து பாருங்கள்.

## 7. லாரி ஓட்டுநரும் உங்கள் கணக்கில்தான்

கேட்டுக்கு வெளியே வரிசையில் நிற்கும் ஓட்டுநரும் கிளீனரும் யார் பட்டியலிலும் இருக்கமாட்டார்கள். 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் 3.5 டன்னுக்கு மேற்பட்ட சரக்கு வாகனங்களுக்கு ஏசி கேபின் கட்டாயம். அதற்கு முன் தயாரான லாரிகள்தான் வரிசையில் பெரும்பாலும் நிற்கின்றன. என்ஜினை அணைத்த பிறகும் காலடியிலிருந்து சூடு ஏறிக்கொண்டே இருக்கும்.

அதனால் அவர்கள் நிழலுக்காக லாரிக்கு அடியில் துண்டை விரித்துப் படுக்கிறார்கள். முன்னால் இருக்கும் வண்டி நகர்ந்து, யாராவது வண்டியை எடுத்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. கேட்டில் எண் போட்ட டோக்கன் கொடுங்கள், பக்கத்தில் ஒரு கொட்டகை போடுங்கள். வரிசை போய்விடும் என்ற பயம் இல்லாவிட்டால் வண்டியை விட்டு வருவார்கள். தண்ணீரும் கழிப்பறையும் அவர்களுக்கும் திறந்திருக்கட்டும்.

நண்பகலில் சரக்கின் மேலேறித் தார்ப்பாய் கட்டும் வேலையைத் தள்ளிப்போடுங்கள். தரையில் தலைசுற்றினால் உட்காரலாம். பத்தடி உயரத்தில் சுற்றினால் விழத்தான் வேண்டும்.

## 8. முதல் அறிகுறி பேச்சில் வரும்

சுவரொட்டிகளில் தாகம், தலைவலி, தசைப்பிடிப்பு, குமட்டல் என்று இருக்கும். அவை உண்மைதான். ஆனால் தாகம் தாமதமாக வரும், தலைவலியை ஆட்கள் மறைப்பார்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு முதலில் தெரிவது வேலையின் ஒழுங்கு கெடுவது.

நான் சொன்ன சம்பவம் இதுதான். ஊர்த் திருவிழாவுக்குப் போய்ப் பத்து நாள் கழித்து மே மாதத்தில் திரும்பிய பையன். நல்ல வேலைக்காரன் என்று நானே முதல் நாள் உள்ளே அனுப்பினேன். மூன்றாவது மணி நேரத்தில் பாலட்டில் நான்கு பெட்டிகள் அம்புக்குறி கீழ்நோக்கி இருந்தன. கூப்பிட்டுக் காட்டினேன். "சரிண்ணே" என்றான். மறுபடியும் அதேபோல் வைத்தான். எத்தனை அடுக்கு போட்டாய் என்றேன். "சரிண்ணே." நான் எரிச்சலோடு திரும்பினேன். பெட்டி விழும் சத்தம் கேட்டபோது அவன் சுவரில் சாய்ந்திருந்தான், சட்டை பிழிந்தால் வடியும் அளவுக்கு நனைந்திருந்தது.

இரண்டாவது "சரிண்ணே" வந்தபோதே நான் வேலையை நிறுத்தியிருக்க வேண்டும். இப்போது ஒவ்வொரு முறை மணி அடிக்கும்போதும் ஜோடியில் ஒருவர் மற்றவரிடம் ஒரு கேள்வி கேட்கிறார்: இது எத்தனையாவது பாலட், மேலே எத்தனை அடுக்கு? "ஆமாம், இல்லை" என்று பதில் சொல்லக்கூடிய கேள்வியாக அது இருக்கக் கூடாது. அவரவர் தாய்மொழியில் கேட்க வேண்டும். இல்லையென்றால் தடுமாறுவது வெயிலாலா மொழியாலா என்று தெரியாது.

காரணமில்லாத கோபம், திடீர் மௌனம், நடையில் தள்ளாட்டம் எல்லாம் இதே கணக்கில் சேரும். வியர்வை நின்றால்தான் ஹீட் ஸ்ட்ரோக் என்ற நம்பிக்கையை விட்டுவிடுங்கள். உடலுழைப்பால் வருவதில் வியர்வை கொட்டிக்கொண்டே இருக்கலாம். பிரித்துக் காட்டுவது தோல் அல்ல, புத்தி. தெளிவாகப் பேசுகிறார், சோர்வு மட்டும் என்றால் நிழல், தண்ணீர், படுக்கை. குழறுகிறார், இடம் தெரியவில்லை, மயங்குகிறார் என்றால் அடுத்த பகுதிக்கு உடனே போங்கள்.

## 9. சாய்ந்துவிட்டால்: முதலில் குளிர்விப்பது, பிறகு ஏற்றுவது

ஒருவர் 108 ஐ அழைக்கட்டும். மற்றவர்கள் அந்த நேரத்தில் குளிர்விக்கத் தொடங்க வேண்டும். உடல் சூடு 40 டிகிரிக்கு மேல் இருக்கும் ஒவ்வொரு நிமிடமும் மூளையையும் சிறுநீரகத்தையும் கெடுக்கிறது. அரை மணி நேரத்துக்குள் இறக்குவதுதான் இலக்கு.

நிழலுக்கு இழுத்து பூட்ஸ், சட்டை, பெல்ட் எல்லாவற்றையும் கழற்றுங்கள். தார்ப்பாயை விரித்து அவரை நடுவில் கிடத்தி, நான்கு பேர் ஓரங்களைத் தொட்டில்போல் தூக்கிப் பிடியுங்கள். கிடைக்கும் தண்ணீரையெல்லாம் உள்ளே ஊற்றி ஐஸைக் கொட்டி, மெல்ல அசைத்துக்கொண்டே இருங்கள். தலையும் முகமும் தண்ணீருக்கு மேலே இருக்கட்டும், ஒருவர் அதை மட்டும் பிடித்துக்கொள்ளட்டும். தார்ப்பாய் இல்லையென்றால் குழாய்த் தண்ணீரை உடம்பு முழுவதும் விட்டபடி விசிறியைத் திருப்புங்கள். அக்குளில் இரண்டு ஐஸ் பை வைத்து நிறுத்திக்கொள்வது போதாது.

புத்தி தெளியாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போகும். காய்ச்சல் மாத்திரையும் வேண்டாம், இது அந்தச் சூடு அல்ல. ஆம்புலன்ஸ் வந்ததும் எத்தனை மணிக்குச் சாய்ந்தார், எத்தனை நிமிடம் குளிர்வித்தீர்கள் என்று சொல்லுங்கள்.

லேசான சோர்விலிருந்து தேறியவரையும் அன்று திரும்ப உள்ளே அனுப்பக் கூடாது. தனியாக அறைக்கு அனுப்புவதும் தவறு. படுத்திருக்கும்போது நிலை மோசமாகலாம், பார்க்க ஆள் இருக்காது. அந்தப் பையன் மூன்றாம் நாள் மருத்துவமனையிலிருந்து வந்தான். மருத்துவர் அனுமதித்த பிறகும் முதல் நாளின் ஐந்தில் ஒரு பங்கிலிருந்து தொடங்கினோம். ஸ்டிக்கர் ஒட்டும் மேசையில் உட்கார்ந்துகொண்டு, மணி அடிக்கும் பொறுப்பையும் அவனே கேட்டு வாங்கிக்கொண்டான்.